கான்கிரீட் மேல் லேமினேட் தரை: ஈரம் அளப்பதிலிருந்து ஓர இடைவெளி வரை

கிழக்குத் தாம்பரத்தில் அக்கா வீடு தரைத்தளம். பின்பக்கப் படுக்கையறை 14 அடிக்கு 11 அடி. பழைய டைலைப் பெயர்த்து, 2 அங்குலக் கலவை போட்டு மட்டம் பண்ணி, மூன்றே வாரத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் லேமினேட் போட்டுக் கொடுத்தார். அது ஆகஸ்ட். ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரத்தில், பலகைகள் சேரும் இடமெல்லாம் விரலால் தடவினாலே தெரிகிற அளவுக்கு மேடு கட்டிவிட்டது. அறை நடுவில் மிதித்தால் தரை கீழே போய் மேலே வந்தது. "கீழே ஏதோ மூச்சு விடற மாதிரி இருக்குடா" என்று அக்கா போனில் சொன்னாள். ஜனவரியில் நானே போய்ப் பிரித்தேன். பலகைக்கு அடியில் விரித்திருந்த ஃபோமைத் தூக்கினால் சிமெண்ட் கருத்துக் கிடக்கிறது, ஃபோமின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். பாலித்தீன் ஷீட் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

அந்த அறையை மறுபடி முதலிலிருந்து செய்தோம். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். லேமினேட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், மேலே நிஜ மரத் தகடு ஒட்டிய எஞ்சினியர்டு வுட் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

கான்கிரீட் எப்போது காயும்

கலவை இறுகுவதும் காய்வதும் ஒன்றல்ல. மூன்றாம் நாளே நடக்கலாம், ஒரு மாதத்தில் பலம் வந்துவிடும், ஆனால் உள்ளே கலக்கும்போது ஊற்றிய தண்ணீர் அப்படியே கிடக்கும். மேற்பூச்சுக் கலவைக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 1 மில்லிமீட்டருக்கு 1 நாள். அதாவது 50 மில்லிமீட்டர் கலவைக்கு 50 நாள், அதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால். 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் இன்னும் அதிகமாக ஆகும். கொத்தனார் ஒரு வாரம் தண்ணீர் கட்டுவார் இல்லையா, எண்ண வேண்டியது அந்தத் தண்ணீரை நிறுத்திய நாளிலிருந்துதான். கலவை போட்ட நாளிலிருந்து எண்ணினால் ஒரு வாரம் அங்கேயே போய்விடும். அடைமழைக்காலத்தில் இந்தக் கணக்கே உதவாது, காற்றே ஈரமாக இருக்கும்போது தரை எங்கே போய் ஈரத்தை விடும்?

இது புதுக் கலவையின் கதை. தரைத்தளத்தில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் எந்த ஷீட்டும் கிடையாது. மண் நனைந்தால் தளம் நுண்துளைகள் வழியாக அதை மேலே இழுக்கும். இருபது வருடப் பழைய தளமாக இருந்தாலும் இழுக்கும். அதனால் "பழைய தரைதானே, காய்ந்திருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரத்தை அளப்பது

எல்லோரும் செய்வது பாலித்தீன் ஷீட் சோதனை. 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குத் தெளிவான ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நான் இரண்டு நாள் விடுவேன். ஷீட்டுக்கு அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ தரை ஈரம் என்று முடிவு. துளி ஷீட்டின் மேல்பக்கம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தச் சோதனையை ஒரு பக்கத்துக்குத்தான் நம்பலாம். துளி வந்தால் கண்டிப்பாக ஈரம். துளி வரவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே ஈரம் இருந்தும் ஷீட் போதுமான அளவு குளிராமல் போனால் துளி கட்டாது.

அடுத்தது மீட்டர். மரத்துக்கு வைக்கும் ஊசி மீட்டரைக் கான்கிரீட்டில் குத்தி "12 காட்டுகிறது, பரவாயில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கான்கிரீட்டில் அர்த்தமே கிடையாது. அறையில் எந்த மூலை மற்ற இடங்களைவிட ஈரம் என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும்.

சரியான வழி தளத்தில் ஓட்டை போட்டு உள்ளே சென்சார் வைப்பது. ஏ.எஸ்.டி.எம். எஃப் 2170 என்ற அமெரிக்க நெறிமுறை இதற்குத்தான். மேல்பக்கம் மட்டும் காயும் தளத்தில் கனத்தின் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட வேண்டும், 100 மில்லிமீட்டர் தளமென்றால் 40 மில்லிமீட்டர். ஏன் அந்த ஆழம்? மேற்பரப்பு ஃபேன் காற்றில் சீக்கிரம் காய்ந்து நம்மை ஏமாற்றும். மேலே தரை போட்டு மூடிய பிறகு, அடியில் இருக்கும் ஈரம் மெதுவாகப் பரவி தளம் முழுக்க ஒரே அளவுக்கு வரும். அப்படிச் சமமாகும்போது மேற்பரப்பில் இருக்கப்போகும் ஈரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமானது இன்று 40 சதவீத ஆழத்தில் இருக்கும் ஈரம். அதாவது பின்னால் வரப்போவதை முன்னாலேயே பார்க்கிறோம். எஞ்சினியர்டு வுட்டைப் பசை வைத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால், காசு செலவானாலும் இந்தச் சோதனையைச் செய்பவரைத் தேடிப் பிடியுங்கள், விலை கூடிய மரத்துக்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அக்கா வீட்டில் நாங்கள் செய்தது கவிழ்த்த பாத்திர முறை. இங்கிலாந்தில் தரை வேலைக்காரர்கள் ஹைக்ரோமீட்டர் வைத்த ஒரு பெட்டியைத் தரையில் ஒட்டி, உள்ளே அடைபட்ட காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் வீட்டு வடிவம் இது. முதலில் ஒரு மீட்டர் சதுர பாலித்தீனை அளக்கப்போகும் இடத்தில் நான்கைந்து நாள் விரித்து வைத்தோம், மேற்பரப்பும் அடியும் ஓரளவு சமமாகட்டும் என்று. அப்புறம் அதை எடுத்துவிட்டு, சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரைத் தரையில் வைத்து, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணால் இறுக்கமாக அடைத்தோம். மேலே போர்வையைப் போர்த்த வேண்டும், வெயிலோ ஏ.சி. காற்றோ பட்டால் எண் தாறுமாறாகப் போகும். மூன்று நாள் கழித்து ஒருமுறை, அதற்கு 24 மணி நேரம் கழித்து இன்னொருமுறை படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் அளவு. ஏறிக்கொண்டே இருந்தால் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

விலை குறைந்த ஹைக்ரோமீட்டர் நான்கைந்து சதவீதம் தப்பாகக் காட்டும். அதைச் சரிபார்க்கச் சமையலறை உப்பு போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணல் மாதிரி இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஹைக்ரோமீட்டரோடு ஒரு டப்பாவில் அடைத்து ஒரு நாள் முழுக்க வைத்துவிடுங்கள். நனைந்த உப்புக்கு மேலே அடைபட்ட காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் போய் நிற்கும், அறை வெப்பநிலை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இது மாறாது. நமக்கு வேண்டிய எல்லையும் அதே 75! எங்களுடையது உப்புக்கு மேலே 78 காட்டியது. ஆகவே கிண்ணத்தில் வருவதில் 3 கழித்துக்கொண்டோம்.

மூன்று இடத்தில் வைத்தோம். ஜன்னல் பக்கம் 71, அறை நடுவில் 73, குளியலறைச் சுவரை ஒட்டி 88. கழித்த பிறகு வந்த எண்கள் இவை. இதைப் பார்த்ததும் கதை புரிந்தது. புதுக் கலவையின் ஈரம் மட்டும் என்றால் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், மண்ணிலிருந்து ஏறுகிறது என்றாலும் பெரும்பாலும் வெளிச்சுவர் பக்கம்தான் கூடும். ஒரு சுவர் பக்கம் மட்டும் 15 கூடினால் அங்கே தண்ணீர் வரும் வழி இருக்கிறது என்று அர்த்தம். பிளம்பரை வைத்துக் குளியலறை நஹானி டிராப்பைச் சுற்றி உடைத்துப் பார்த்தோம், குழாயும் தளமும் சேரும் இடத்தில் விரிசல். சரிசெய்து, ஐந்து வாரம் ஃபேன் ஓடவிட்டு மறுபடி கிண்ணம் வைத்தோம். 74.

ஒரே ஒரு இடத்தில், அறை நடுவில் மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. சின்ன அறையானாலும் மூன்று இடம், அதில் ஒன்று குளியலறை அல்லது சமையலறைச் சுவரை ஒட்டி இருக்கட்டும்.

எண் 75-க்கு மேல் நின்றால் என்ன செய்வது? முதலில் வாங்கிய பலகையின் பெட்டியில் என்ன எல்லை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், சில லேமினேட்டுகள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அனுமதிக்கும். காத்திருந்தும் இறங்கவில்லை என்றால், தளத்தை உரசிச் சுத்தம் செய்து, ஈரம் தடுக்கும் எப்பாக்ஸியை இரண்டு கோட் அடிக்கலாம். ஆனால் தரையில் கையை வைத்தால் நனைகிறது, மழைக்குத் தண்ணீர் ஊறி நிற்கிறது என்றால் எந்தக் கோட்டும் ஷீட்டும் தாங்காது, அழுத்தத்தோடு வரும் தண்ணீர் அதையும் பெயர்த்துவிடும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் வந்த தெருக்களில் தரைத்தளத்துக்கு டைல்தான் சரி. லேமினேட்டின் நடுப்பாகம் மரத்தூள் நாரை அழுத்திச் செய்தது, ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

மட்டம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2 மீட்டர் நீள அலுமினிய ராடைத் தரையில் எல்லாத் திசையிலும் வைத்து, அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருக்கக் கூடாது, ஆசாரி கணக்கில் ஒரு நூல். ரசமட்டத்தில் அறை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் கவலையில்லை, வேண்டியது மேடு பள்ளம் இல்லாத சமதளம்தான். மேட்டை உரசி எடுங்கள், பள்ளத்தைச் செல்ஃப் லெவலிங் கலவையால் நிரப்புங்கள். பள்ளத்தில் ஃபோமை இரண்டு மடிப்பாக வைத்துச் சமாளிப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள், பலகைகளை ஒன்றோடொன்று கோர்க்கும் லாக் ஆறு மாதத்தில் அந்த இடத்தில்தான் உடையும். லெவலிங் கலவையிலும் தண்ணீர் இருக்கிறது, ஆகையால் மூட்டையில் போட்டிருக்கும் நாள் முடிந்த பிறகு அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த நேரத்திலேயே கரையான் மருந்தும் அடித்துவிட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மண்கோடு தெரிந்தால் அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

ஷீட்டும் அண்டர்லேயும்

இவை இரண்டு வேறு பொருள்கள், வேலையும் வேறு. ஷீட் ஈரத்தைத் தடுக்கிறது. அண்டர்லே என்கிற ஃபோம் சத்தத்தைக் குறைக்கிறது, பலகைக்கு மெத்தையாக இருக்கிறது. கடைகளில் பல பேர் "ஃபோம் போட்டாலே போதும் சார்" என்கிறார்கள். அக்கா வீட்டில் நடந்தது அதுதான்.

கான்கிரீட் மேல் முதலில் 200 மைக்ரான் பாலித்தீன். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் 20 சென்டிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், அந்த ஓரம் முழுக்க டேப். சுவர் ஓரங்களில் 5 சென்டிமீட்டர் மேலே மடித்து நிறுத்துங்கள், எல்லாம் முடிந்து ஸ்கர்ட்டிங் அடிக்கும் முன் வெட்டிக்கொள்ளலாம். ஷீட்டுக்கு மேல் அண்டர்லே. இதை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றவே கூடாது, ஓரத்தோடு ஓரம் முட்டி டேப் போட வேண்டும். ஏறினால் அந்தக் கோட்டில் பலகை உயரும்.

கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். 5 மில்லிமீட்டர் ஃபோம் மிதிக்க மெத்தென்று இருக்கும் என்று வாங்கத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பலகை வளைந்து லாக் நாக்குகள் தேய்ந்து உடையும். அடியிலேயே ஷீட் ஒட்டி வரும் அண்டர்லே வாங்கினால் தனி ஷீட் வேண்டாம், இரண்டு ஷீட்டுக்கு நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியேற வழியிருக்காது.

இடைவெளி

பலகைக் கட்டுகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே, படுக்கை வசமாக 48 மணி நேரம் வைத்திருங்கள். அந்த அறையில் தினமும் ஏ.சி. ஓடுமென்றால் அப்போதும் ஓடட்டும். எஞ்சினியர்டு வுட்டுக்கு எத்தனை நாள் என்பதைப் பெட்டியில் போட்டபடி செய்யுங்கள், பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

லேமினேட் தரை எதிலும் ஒட்டாமல் மிதக்கிறது. ஈரக்காற்றில் முழுத் தரையும் ஒரே பலகை மாதிரி விரியும், வறண்டால் சுருங்கும். அதற்கு எல்லாப் பக்கமும் இடம் வேண்டும். வழக்கமாக 8 முதல் 12 மில்லிமீட்டர், நாங்கள் 10 விட்டோம். சித்திரை வெயிலில் போட்டதால் பலகை வறண்ட நிலையில் இருக்கிறது, கார்த்திகையில் விரியத்தான் போகிறது என்பதால் இதில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கவில்லை. சுவர் நேராக இருக்காது, அதனால் இடைவெளியைச் சுவர் மிக வெளியே துருத்தும் இடத்தில் அளக்க வேண்டும்.

முதல் பலகையை எடுக்கும் முன் வரிசைக் கணக்குப் போடுங்கள். அறை அகலம் 3,350 மில்லிமீட்டர், இரண்டு பக்க இடைவெளி 20 போக 3,330. பலகை அகலம் 195. பதினேழு வரிசை போட்டால் 3,315, மீதி 15 மில்லிமீட்டர்! கடைசியில் 15 மில்லிமீட்டர் பட்டையை லாக் பண்ணவே முடியாது. அந்த இடத்தில் பலபேர் செய்வது என்னவென்றால், பதினேழாவது வரிசையோடு நிறுத்திவிட்டு மீதியைச் சிலிக்கானால் நிரப்புவது. அதற்குப் பதில் பதினாறு முழு வரிசை மட்டும் வைத்துக்கொண்டால் 3,120, மீதி 210. அதைப் பாதியாக்கி முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 105 அகலத்துக்கு அறுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், பார்க்கவும் அழகு. கடைசி வரிசை 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தானாக வந்துவிடும்.

வரிசை வரிசையாகப் போகும்போது ஒரு வரிசையின் குறுக்கு இணைப்பும் அடுத்த வரிசையின் இணைப்பும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். முந்தைய வரிசையில் மீந்த துண்டால் அடுத்ததைத் தொடங்கினால் பெரும்பாலும் இது சரியாகும், வீணாவதும் குறையும். 154 சதுர அடிக்கு நாங்கள் 170 வாங்கினோம்.

இடைவெளி சுவருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குழாய் தரைக்குள் போகிறது என்றால் குழாயைவிட 20 மில்லிமீட்டர் பெரிய ஓட்டை வேண்டும். கதவு நிலையைச் சுற்றிப் பலகையை அறுத்து ஒட்டவைப்பதைவிட, நிலையின் அடியைப் பலகைக் கனத்துக்கு அறுத்து, பலகையை அதற்கடியில் நுழைத்துவிடுவது நல்லது, உள்ளேயும் அசைய இடம் இருக்க வேண்டும். வாசலில் பக்கத்து அறைத் தரையோடு சேர்க்காமல் டி பட்டையால் பிரித்துவிடுங்கள். 8 மீட்டரைத் தாண்டும் ஹாலில் நடுவிலும் ஒரு பட்டை வேண்டிவரும். சுவரோடு நிற்கும் கனமான அலமாரி எதிரும் புதிருமாக இரண்டு பக்கம் இருந்தால் தரை இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும், ஆகையால் உள்ளே கட்டிய வார்ட்ரோபுக்கு அடியில் லேமினேட்டைக் கொண்டுபோகாமல் அதன் முன்னாலேயே இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

ஸ்கர்ட்டிங்கை ஆணியோ பசையோ வைத்துச் சுவரில்தான் பிடிக்க வேண்டும், தரையில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது. இங்கே ஒரு ஆபத்து: பெயிண்டர் பின்னால் வருவார். சுவர் ஓரத்தில் இடைவெளியைப் பார்த்தால் நல்ல எண்ணத்தோடு பட்டி வைத்து அடைத்துவிடுவார். பெயிண்ட் வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள், அல்லது ஸ்கர்ட்டிங் அடிக்கும் அன்று இடைவெளிக்காகச் சுவர் ஓரத்தில் செருகிய ஸ்பேசர்களை நீங்களே எண்ணி எடுத்து, கலவைத் துண்டு, சிப்ஸ் எதுவும் இடுக்கில் கிடக்காமல் வேக்குவம் போட்டுவிட்டு நில்லுங்கள்.

பிறகு ஏதாவது ஆனால்

தரை நடுவில் கூடாரம் மாதிரி தூக்கி, மிதித்தால் ஆடுகிறது என்றால் முதலில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பாருங்கள். பலகை சுவரை முட்டிக்கொண்டிருந்தால் காரணம் இடைவெளி, அந்த ஓரத்தை அறுத்துவிட்டால் ஓரிரு நாளில் தானே படுத்துவிடும். ஓரத்தில் இடம் இருந்தும் இணைப்புகள் மட்டும் மேடு கட்டியிருந்தால் அது ஈரம், பலகையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எஞ்சினியர்டு வுட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும்: பலகையின் இரண்டு ஓரமும் உயர்ந்து நடு குழிந்தால் அடிப்பக்கம் ஈரம், நடு மேடாகி ஓரம் தாழ்ந்தால் பெரும்பாலும் மேலிருந்து தண்ணீர் பட்டிருக்கிறது.

மேலிருந்து என்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் வாளித் தண்ணீர்தான். வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிழிந்த துணியால் துடைத்தால் போதும், வாளியில் முக்கிச் சொட்டச் சொட்ட மாப் போட வேண்டாம் என்று.

கார்த்திகை கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனபோது ஜன்னல் பக்கம் ஒரு ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி அளந்தேன். 10 விட்ட இடம் 8 ஆகியிருந்தது. குளியலறைச் சுவர்ப் பக்கமும் 8. இணைப்புகள் மேல் கையை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை.